சிட்டையும் பேரேடும்

குரூப் 4 அறிவிக்கை வந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைகளில் நோட்டு வியாபாரம் சூடுபிடிக்கும். 2017 நவம்பரிலும் அப்படித்தான். கிராம நிர்வாக அலுவலர் பணியையும் முதன்முறையாக அதே தேர்வில் சேர்த்து டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை விட்டது. 2018 பிப்ரவரி 11 அன்று தேர்வு என்று தேதியும் குறித்தாகிவிட்டது. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் முதல் பொறியியல் முடித்தவர்கள் வரை விண்ணப்பித்தார்கள். விருதுநகரில் நூலக மேசைகளில் காலையிலேயே இடம் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த மேசைகளில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். பகலில் ஒரு பருப்பு மண்டியில் எழுத்து வேலை. அதிகாலையிலும் கடை அடைத்த பிறகும்தான் படிப்பு. கூடப் படித்த நாலைந்து பேரிடமும் ஆளுக்கொரு கால அட்டவணை இருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, காலை 4 முதல் 6 வரை வரலாறு, 6 முதல் 7 வரை தமிழ் என்று வண்ண வண்ணமாக எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே, 'இந்தத் தடவை விடக்கூடாது' என்று ஒரு வரி. ஒரு வாரத்துக்குள் ஒருநாள் காய்ச்சல் வரும், ஒருநாள் கல்யாணம் வரும். அட்டவணை தப்பிய மறுநாளே, 'ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கிக்கலாம்' என்ற பேச்சும் வந்துவிடும். எங்கள் கூட்டத்தில் ஒன்றாம் தேதிக்கு இருந்த மரியாதை வேறு எந்தத் தேதிக்கும் இருந்ததில்லை.

என் வழி மாறியது மண்டியில். அங்கே வயதான கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். அந்த அண்ணாச்சியே கணக்குப்பிள்ளையை ஐயா என்றுதான் கூப்பிடுவார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கணக்குப்பிள்ளை கையால் ஒரு கணக்கு எழுதுவதை விடவில்லை. ஒருநாள் மத்தியானம் லோடு வரத் தாமதமான நேரத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில் நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, படிப்பு எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதுய்யா. நேத்து நல்லாப் படிச்சேன்."

"நல்லான்னா எத்தனை மூட்டை?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நம்ம அண்ணாச்சிகிட்ட போய், நேத்து நல்ல வியாபாரம்னு மட்டும் சொல்லிப் பாரு. எத்தனை மூட்டை போச்சு, என்ன நிறை, யாருக்குப் போச்சு, ரூபாய் வந்துச்சா, பாக்கியான்னு கேப்பாரு. நீ மட்டும் ஏன் நல்லாங்கிறதோட நிறுத்திக்கிற?"

அன்று சாயங்காலம் சிட்டையையும் பேரேட்டையும் எடுத்து வைத்து விளக்கினார். சிட்டை தேதிவாரியாகப் போகும். அன்றன்றைக்கு நடந்ததை நடந்த வரிசையில் குறிப்பது. பேரேடு ஆள்வாரியாகப் போகும். ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு பக்கம் இருக்கும். சிட்டையில் இருப்பதைப் பிரித்து அவரவர் பக்கத்தில் ஏற்ற வேண்டும். "சிட்டையைப் பார்த்தா நீ வேலை செஞ்சியான்னு தெரியும். பேரேட்டைப் பார்த்தாத்தான் எவன் எவ்வளவு பாக்கின்னு தெரியும். ரெண்டும் இல்லாட்டி யாவாரம் இல்லை" என்றார்.

மறுநாளே கோடு போட்ட ஒரு சாதாரண நோட்டை வாங்கி, முன்பக்கத்திலிருந்து சிட்டையும் பின்பக்கத்திலிருந்து பேரேடுமாகத் தொடங்கினேன். படிப்பைப் பற்றி நான் கற்ற உருப்படியான விஷயம் இந்த நோட்டில்தான் இருந்தது.

சிட்டையில் ஒரு நாளுக்கு ஒரு வரி, அதில் ஐந்து கட்டம். தேதி, செய்ய வேண்டியது, நடந்தது, தவறு எதனால், மறுபடி எப்போது. 'செய்ய வேண்டியது' என்ற கட்டத்தை முந்தின இரவே நிரப்பிவிட வேண்டும். காலையில் எழுந்து என்ன படிக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால் யோசனையிலேயே அரை மணி நேரம் போய்விடும். இரண்டாவது விதி, அந்தக் கட்டத்தில் எண் இல்லாமல் எதையும் எழுதக்கூடாது.

எதை எண்ணுவது என்பதில்தான் சிக்கல். முதலில் எல்லோரையும் போல மணிக்கணக்கை எழுதிப் பார்த்தேன். மணி, உட்கார்ந்த நேரத்தைச் சொல்லுமே தவிர மண்டையில் ஏறியதைச் சொல்லாது. மூன்று மணி நேரம் என்று எழுதிய நாளில் பாதி நேரம் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததும் உண்டு. அடுத்து பக்கக் கணக்கு. பக்கத்தை எண்ணத் தொடங்கியதும் கண் வேகமாக ஓட ஆரம்பித்தது. ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் 20 பக்கம் முடிந்தது என்று டிக் அடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினால், ஒரு மன்னன் பெயரும் நினைவில் நிற்காது.

கடைசியில் நின்றது விடைக் கணக்கு. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எத்தனை எழுத முடிகிறது, எத்தனை கேள்விக்குச் சரியான விடை வருகிறது என்பதை மட்டும் எண்ணுவது. 'அரசியலமைப்பு படிக்க வேண்டும்' என்ற வரி, 'அடிப்படை உரிமைகள்: சட்டப்பிரிவு எண்ணும் உரிமையும், பார்க்காமல் 12 எழுத வேண்டும்' என்று ஆனது. பிரிவு 14 சட்டத்தின் முன் சமம், 17 தீண்டாமை ஒழிப்பு, 21 உயிர் வாழும் உரிமை, 21ஏ கல்வி, 32 உரிமைகளை நிலைநாட்ட உச்ச நீதிமன்றத்தை நாடுவது என்று வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டே வந்தால் எங்கே தட்டுகிறதென்று தானாகத் தெரிந்துவிடும். எனக்கு 23-ம் 24-ம் இடம் மாறிக்கொண்டே இருந்தன. கட்டாய வேலைக்குத் தடை 23, தொழிற்சாலையில் குழந்தைத் தொழிலாளருக்குத் தடை 24. புத்தகத்தைத் திறந்து வைத்துப் படித்த வரையில் இந்தக் குழப்பம் இருப்பதே தெரியவில்லை.

இதற்குப் பின்னால் ஆராய்ச்சி ஒன்று இருப்பதைப் பிற்பாடுதான் படித்தேன். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்டது. மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு சாராரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாரார் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவுகூர்ந்து எழுதியவர்களிடம்தான் அதிகம் தங்கியிருந்தது. மறுவாசிப்பு ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். படித்து முடித்த சூட்டில் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தேர்வோ அந்தச் சூட்டில் நடப்பதில்லை.

ஒரு தலைப்பை மட்டும் எடுத்து, இந்த நோட்டு எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடிதான் வரும். ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கருப்பாக்குவதும் அதற்குள் அடக்கம். இதில் 25 கேள்விகள் திறனறிவுக் கணக்கு. வட்டிக் கணக்கு எனக்குப் பழகியதுதான், மண்டியில் பாக்கிக்கு வட்டி போட்டவன் நான். ஆனாலும் முந்தைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால் அதில் மதிப்பெண் நழுவியது.

'தனிவட்டி, கூட்டுவட்டி: 10 கணக்கு, 15 நிமிடம்' என்று எழுதி உட்கார்ந்தேன். 54 விநாடிக் கணக்குப்படி 9 நிமிடத்தில் முடிய வேண்டியவை. தொடக்கத்திலேயே 9 என்று வைத்தால் கை நடுங்கும். முதலில் 15-ல் சரியாக வரட்டும், பிறகு 12, பிறகு 9 என்று இறக்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். முதல் நாள் 10-க்கு 6 சரி. இங்கேதான் நான்காவது கட்டம் கைகொடுத்தது. தவறான ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே ஓர் எழுத்து போடுவேன். முறையே தெரியாவிட்டால் 'தெ'. தெரிந்ததை மறந்திருந்தால் 'ம'. கேள்வியைச் சரியாகப் படிக்காவிட்டால் 'கே'. கூட்டல், பெருக்கலில் பிசகியிருந்தால் 'பி'.

நாலைந்து நாள் வரிகளை ஒன்றாகப் பார்த்தபோது 'தெ' ஒன்றுதான் இருந்தது. அதிகம் இருந்தது 'கே'. எந்தக் கேள்விகள் என்று திருப்பிப் பார்த்தேன். '8,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 சதவீதம், அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கிட்டால் ஓராண்டுக்குக் கூட்டுவட்டி என்ன?' என்பது போன்ற கேள்விகள். அரையாண்டு என்றால் வீதத்தைப் பாதியாக்கி, காலத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 5 சதவீதம், இரண்டு தவணை. முதல் அரையாண்டுக்கு வட்டி 400, அடுத்த அரையாண்டுக்கு 8,400-க்கு 420, ஆக 820. அந்தச் சொல்லைக் கவனிக்காமல் போட்டால் 800 வரும். கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் 800-ம் இருக்கும், கை அதைத்தான் தொடும்.

தீர்வு, இன்னும் 100 வட்டிக் கணக்கு போடுவதில் இல்லை. அடுத்த வாரச் சிட்டையில் இலக்கை மாற்றினேன். '10 கணக்கு. போடுவதற்கு முன் வீதம், காலம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்ற மூன்றுக்கும் அடிக்கோடு. கே இரண்டுக்கு மேல் கூடாது.' அடிக்கோடு போடச் சில விநாடி ஆனது. ஆனால் 'கே' குறைந்தது, திருத்தி மறுபடி போடும் நேரம் மிச்சமானது, 12 நிமிடம் சுலபமாக வந்தது. 9 நிமிடத்துக்கு இறங்க இன்னொரு வேலை தேவைப்பட்டது. இரண்டு ஆண்டுக்கான கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டால் இரண்டையும் தனித்தனியே போடத் தேவையில்லை. அசலை, நூறால் வகுத்த வீதத்தால் இருமுறை பெருக்கினால் போதும். 5,000 ரூபாய்க்கு 8 சதவீதம் என்றால், 5,000-க்கு 400, அந்த 400-க்கு 32. விடை 32. இந்த ஒரு வகைக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்கினேன். 'கணக்கில் நான் வீக்' என்று சொல்லிக்கொண்டு திரிந்திருந்தால் இந்த இரண்டு ஓட்டையும் கண்ணில் பட்டிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பேரேட்டு வேலை. பின்பக்கத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பக்கம் வைத்திருந்தேன். வட்டி, சராசரி, வேலையும் நேரமும், இலக்கணக் குறிப்பு, நூல்–நூலாசிரியர், அடிப்படை உரிமைகள் என்று. வாரத்தின் சிட்டையிலிருந்து தேதி, எத்தனைக்கு எத்தனை என்பதை மட்டும் அந்தந்தப் பக்கத்தில் ஏற்றுவேன். முதல் முறை ஏற்றியபோதே கணக்குப்பிள்ளை சொன்னதன் பொருள் விளங்கியது. சிட்டை என்னை ரொம்ப நல்லவனாகக் காட்டியது, ஒரு நாளும் காலியில்லை. பேரேட்டிலோ இலக்கணக் குறிப்புப் பக்கம் நிறைந்து வழிந்தது, சராசரிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பண்புத்தொகையும் வினைத்தொகையும் எனக்குப் பிடித்தவை. இலக்கு எழுதும்போது கை தானாக அந்தப் பக்கமே போயிருக்கிறது. அன்று முதல், வாரத்தில் குறைந்தது இரண்டு இலக்குகள் பேரேட்டில் இளைத்துக் கிடக்கும் பக்கங்களிலிருந்து வர வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

'மறுபடி எப்போது' என்ற கடைசிக் கட்டம் பார்வைக்குச் சின்னது. ஒரு தலைப்பை முடித்ததும் மூன்று நாள் கழித்து வரும் தேதியை அதில் எழுதுவேன். அந்தத் தேதியில் புதிதாகப் படிக்காமல் அதே கேள்விகளை மறுபடி எழுதிப் பார்ப்பேன். நன்றாக வந்தால் அடுத்த தேதி பத்து நாள் தள்ளி. வராவிட்டால் மறுநாளே. முதல் நாள் 12-க்கு 11 எழுதிய சட்டப்பிரிவுகள் மூன்றாம் நாள் 7 ஆகும். அதைப் பார்த்து மனம் விடக்கூடாது, மறப்பது இயல்பு. இரண்டாம் முறை எழுதிய பின் பத்து நாள் கழித்தும் 10 நிற்கும். முதல் நாள் எண்ணை நான் நம்புவதே இல்லை. பேரேட்டில் மூன்றாம் நாள் எண்ணைத்தான் சிவப்பு மையில் ஏற்றுவேன். ஒரு தலைப்பு முடிந்ததா என்று சொல்லும் தகுதி அதற்குத்தான் உண்டு.

இலக்கின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதிவைத்ததற்கும் நடந்ததற்கும் இடையே எப்போதும் துண்டு விழுந்தது. இது என் சோம்பேறித்தனம் என்று முதலில் நினைத்தேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவில் பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாகச் சுமார் 34 நாளில் என்றார்கள். ஆனதோ சுமார் 55 நாள். அப்படியானால் நம் கையில் இருக்கும் நம்பகமான அளவு, போன வாரத்தில் நடந்த அளவுதான். நான் அதையே எடுத்துக்கொண்டேன். போன வாரம் நாளுக்கு 15 கேள்வி நடந்திருந்தால் இந்த வாரத்துக்கு 15 அல்லது 16. லோடு இறங்கும் நாளில் உடம்பு தாங்காது என்பது முன்கூட்டியே தெரியும். அந்த நாளுக்கு 5 கேள்வி என்று எழுதிவிடுவேன். 5 எழுதி 5 முடித்த நாளில் நோட்டைத் திறக்கத் தயக்கம் இருக்காது. 40 எழுதி 12 முடித்த நாளுக்கு மறுநாள் நோட்டுப் பக்கமே போகத் தோன்றாது. நோட்டுகள் பாதியில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

வேறு விதங்களிலும் நோட்டு கெடும். என் நண்பர் ஒருவர் நோட்டை அவ்வளவு அழகாக வைத்திருந்தார். தலைப்புக்கொரு நிறம், நட்சத்திரக் குறி, வரைபடம். இரவில் அதை எழுதவே முக்கால் மணி நேரம் எடுத்தது. சிட்டை எழுத ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் அது படிப்பிலிருந்து திருடிய நேரம். இன்னொரு கோளாறு, எண்ணைக் கூட்டுவதற்காகத் தெரிந்த கேள்விகளையே போடுவது. இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சிட்டையில் எண் ஏறிக்கொண்டே போகும், மாதிரித் தேர்வு மதிப்பெண் அசையாது. இரண்டும் சேர்ந்து நகராவிட்டால் சிட்டையைச் சந்தேகப்பட வேண்டும். அதனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை முழு வினாத்தாள் ஒன்றை, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதுவது அவசியம். அந்த மதிப்பெண்ணை நான் இலக்காக எழுதியதில்லை. 'அடுத்த தேர்வில் 240 எடுக்க வேண்டும்' என்பது எண்தான் என்றாலும் அன்று காலையில் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லாது. மதிப்பெண் அளவுகோல், செய்யும் வேலை இலக்கு. இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

எல்லாப் படிப்பையும் இப்படி எண்ணிவிட முடியாது என்பதும் உண்மை. ஒரு பாடத்தை முதன்முறையாகப் படித்துப் புரிந்துகொள்ளும் நாளில் எத்தனை விடை என்று கேட்பது பாடத்தைக் கெடுக்கும். அப்படிப்பட்ட நாட்களுக்கு, 'படித்ததை நண்பனுக்குப் புத்தகம் இல்லாமல் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும், அவன் கேட்கும் மூன்று கேள்விக்குப் பதில் வர வேண்டும்' என்று எழுதுவேன். அந்த நண்பன் பெரும்பாலும் நூலக வாசல் டீக்கடையில் அகப்படுவான். விரிவாக எழுத வேண்டிய குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வுகளுக்கு இந்த விடைக் கணக்கு மட்டும் போதாது. எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்த வேண்டும்.

2018 தேர்வில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கங்களில் பாக்கி நிற்கிறது என்று பேரேடு காட்டியது. அடுத்த குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பர் 1 அன்று நடந்தது. இடைப்பட்ட காலத்தில் புதிதாக எதையும் தொடங்கவில்லை, பாக்கிப் பக்கங்களைத்தான் தீர்த்தேன். அந்தத் தேர்வில் இளநிலை உதவியாளர் பணி கிடைத்தது. இதை நோட்டின் மகிமை என்று சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் கட்-ஆஃப், காலியிடம், இனச்சுழற்சி என்று நம் கையில் இல்லாதவை பல உண்டு. நம் கையில் இருந்த வேலை நடந்ததா, எங்கே நின்றது என்பதை மட்டும் நோட்டு சரியாகச் சொன்னது. அதற்குமேல் ஒரு நோட்டிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

இப்போது பிள்ளைகள் யாராவது படிப்புக்கு யோசனை கேட்டு வந்தால் நான் அட்டவணை போட்டுத் தருவதில்லை. நாளைக் காலைக்கு ஒரே ஒரு வரி எழுதச் சொல்கிறேன். எந்தத் தலைப்பு, எத்தனை கேள்வி, எத்தனை நிமிடம், மறுபடி எந்தத் தேதியில் பார்க்கப்போகிறாய் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். நீங்களும் ஒன்றாம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்று இரவே அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள்.